தராசுக்கு டெஸ்ட் கேஸ் எழுதச் சொன்னால்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்குக் கோபிசெட்டிபாளையம் பக்கம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் முடித்துவிட்டு, கோவையில் மூன்று மாதம் டெஸ்டிங் கோர்ஸ் படித்தேன். போன வாரம் சரவணம்பட்டியில் ஒரு கம்பெனியில் இன்டர்வியூ. தினமும் புழங்கும் ஒரு பொருளைச் சொல்லி அதற்கு டெஸ்ட் கேஸ் சொல்லச் சொன்னார்கள். அப்பா காய்கறிக் கடை வைத்திருப்பதால் எலக்ட்ரானிக் தராசு என்றேன். எடை சரியாகக் காட்டுகிறதா, பட்டன் வேலை செய்கிறதா, பேட்டரி நிற்கிறதா என்று இருபது சொன்னேன். "சரி என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அப்புறம் அந்தத் தராசில் ஒரு பக் இருப்பதாக வைத்து ரிப்போர்ட் எழுதச் சொன்னார். "சில நேரம் எடை தவறாகக் காட்டுகிறது" என்று எழுதினேன். படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தப்பு செய்தேன் அக்கா?

பதில்: தம்பி, பொருளை நன்றாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பேனா, லிஃப்ட், தண்ணீர் பாட்டில் என்றுதான் பெரும்பாலானவர்கள் போவார்கள். ஒரு பேனா எவ்வளவு தூரம் எழுத வேண்டும் என்று பேனாவின் மேல் எழுதியிருக்காது. தராசுக்கு அந்தக் குறை இல்லை. எது சரி என்பதை அதன் உடம்பிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

இன்று ராத்திரி கடை அடைத்ததும் அப்பாவின் தராசைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். பக்கவாட்டிலோ டிஸ்ப்ளேவுக்குப் பக்கத்திலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். காய்கறிக் கடைத் தராசு என்றால் அநேகமாக இப்படி இருக்கும்:

```
Max 30 kg    Min 100 g    e = 5 g
```

அவர் கேட்ட கேள்விக்குப் பதில் இந்த ஒரு வரியில் இருக்கிறது. முதலில் கடைசியில் இருக்கும் e-யைப் பார்ப்போம். இந்தத் தராசில் எண் ஏறுவதும் இறங்குவதும் ஐந்து ஐந்து கிராமாகத்தான். 1.000-க்கு அடுத்தது 1.005. இடையில் 1.003 என்று ஒன்று அதற்குக் கிடையாது. முத்திரை போடும்போது எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதும் இந்த e-யை வைத்துத்தான். கடைத் தராசு வகைக்கு முதல் 500 e வரை, அதாவது இரண்டரைக் கிலோ வரை, அரை e. அதாவது இரண்டரை கிராம்தான் கூடலாம், குறையலாம். அதற்கு மேல் 2,000 e வரை, அதாவது பத்துக் கிலோ வரை, ஐந்து கிராம். பத்திலிருந்து முப்பது கிலோ வரை ஏழரை கிராம்.

இப்போது உங்கள் முதல் டெஸ்ட் கேஸை மறுபடி எழுதிப் பாருங்கள். "எடை சரியாகக் காட்டுகிறதா" என்பதற்குப் பதில், "காலித் தட்டில் 0.000 தெரியும்போது, முத்திரையிட்ட 2 கிலோ எடைக்கல்லைத் தட்டின் நடுவில் வைத்தால் 2.000 காட்ட வேண்டும், 1.995 காட்டினால் தோல்வி". முன்னதைப் பத்துப் பேர் செய்தால் பத்து முடிவு வரும். பின்னதை யார் செய்தாலும் ஒரே முடிவுதான். கல் முத்திரையிட்டதாக இருக்க வேண்டும் என்று எழுதியதைக் கவனித்தீர்களா? தேய்ந்த கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத் தராசைக் குறை சொல்லக் கூடாது.

இந்த 500 e, 2,000 e கணக்கெல்லாம் இன்டர்வியூ எடுப்பவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. தெரியாவிட்டால் வாய்விட்டுக் கேட்கலாம்: "முப்பது கிலோ தராசு, ஐந்து கிராம் வரை வித்தியாசம் வரலாம் என்று வைத்துக்கொள்கிறேன், சரிங்களா சார்?" நான் இன்டர்வியூ எடுக்கும் பக்கம் உட்கார ஆரம்பித்து ஒன்பது வருடம் ஆகிறது. டெஸ்ட் கேஸ் சொல்ல ஆரம்பிக்கும் முன் இந்த மாதிரி இரண்டு கேள்வி கேட்டவர்களைத்தான் நான் குறித்து வைத்துக்கொள்வேன். எந்தத் தராசு, யார் பயன்படுத்துவது, எத்தனை கிலோ என்று கேட்காமலே நகைக்கடைத் தராசுக்கும் லாரி எடை மேடைக்கும் பொருந்துகிற மாதிரி இருபது கேஸ் சொல்வது யாருக்கும் உதவாது.

அடுத்தது Max. எல்லைகளைச் சோதிக்க வேண்டும் என்று கோர்ஸில் படித்திருப்பீர்கள். 29, 30, 31 கிலோ என்று எழுதத் தோன்றும். 31 கிலோவில் என்ன நடக்க வேண்டும் என்று கேட்டால் "எரர் காட்ட வேண்டும்" என்பீர்கள். சரி, 30 கிலோ 5 கிராமில்? உண்மையான எல்லை முப்பதில் இல்லை. Max-க்கு மேல் ஒன்பது e வரைதான் எடையைக் காட்டலாம், அதைத் தாண்டினால் எண்ணே தெரியக் கூடாது என்பது விதி. அப்படியானால் 30.045 வரை எண் தெரியலாம். அதற்கு மேல் ஏற்றினால் கோடோ ஓவர்லோடு குறியோதான் தெரிய வேண்டும். சோதிக்க வேண்டிய இடங்கள் 30.000, 30.045, 30.050. கையில் இருபது, பத்துக் கிலோ கல் ஒவ்வொன்று, அப்புறம் இரண்டு 20 கிராம் கல், ஒரு 5 கிராம் கல் இருந்தால் 30.045 வந்துவிடும். இன்னொரு 5 கிராம் கல் வைத்தால் எண் மறைய வேண்டும். எந்தக் கல்லை எதன் மேல் வைப்பது என்கிற அளவுக்கு யோசித்துச் சொல்கிறவர் இதை நிஜமாகவே செய்து பார்க்கக் கூடியவர் என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

Min-இல்தான் பெரும்பாலானவர்கள் வழுக்கி விழுகிறார்கள். Max-ஐத் தாண்டினால் எண் மறைய வேண்டும் என்றால், 100 கிராமுக்குக் கீழே போனாலும் எரர் காட்ட வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை. 50 கிராம் பூண்டை வைத்தாலும் தராசு 0.050 என்று காட்டத்தான் செய்யும். Min என்பது வியாபாரத்துக்கு அதற்குக் கீழே இதை நம்பாதே என்று மனிதனுக்குச் சொல்வது. ஐந்து ஐந்தாக எண்ணும் தராசில் 20 கிராம் ஏலக்காய் நிறுத்தால், இரண்டரை கிராம் பிழை என்பதே எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் அந்த எல்லை. ஆக, 100 கிராமுக்குக் கீழே எரர் வரவில்லை என்று நீங்கள் பக் போட்டால், அந்தத் தவறு உங்களுடையது. எதிர்பார்க்கும் விளைவை நாமே கற்பனை செய்து எழுதினால் இப்படித்தான் ஆகும்.

அப்புறம் TARE பட்டன். "பட்டன் வேலை செய்கிறதா" என்று நீங்கள் சொன்ன ஒரு வரிக்குள் நல்ல கேஸ்கள் பல ஒளிந்திருக்கின்றன. இரண்டு கிலோ கூடையை வைத்து TARE அழுத்தினால் 0.000. கூடையை எடுத்தால் −2.000. இதைப் பார்த்துப் புதிதாக வருகிறவர்கள் பலர் பக் என்பார்கள். இது சரியான நடத்தை. ஆனால் கூடை தட்டில் இருக்கும்போது இன்னும் எத்தனை கிலோ தக்காளி நிறுக்க முடியும்? காய்கறிக் கடைத் தராசுகளில் TARE என்பது கூடையின் எடையைக் கணக்கில் கழிக்கிறதே தவிர, கீழே இருக்கும் லோடு செல்லின் மேல் அந்தப் பாரம் அப்படியேதான் இருக்கிறது. அதனால் 28 கிலோதான். கூடைக்குள் 29 கிலோ போட்டால் டிஸ்ப்ளேவில் வெறும் 29 என்று நினைப்போம். தராசுக்கு அது 31. இரண்டு விதிகள் ஒன்றோடொன்று உரசும் இடம் இது. பக் அநேகமாக இப்படிப்பட்ட இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும்.

தட்டின் ஓரத்தையும் விட்டுவிடாதீர்கள். பூசணிக்காயை யாரும் அளந்து நடுவில் வைப்பதில்லை. Max-இல் மூன்றில் ஒரு பங்கு, இங்கே பத்துக் கிலோ, அதை நடுவிலும் தட்டின் நான்கு கால்பகுதிகளிலும் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார்கள். ஐந்து இடத்திலும் எடை அந்த ஐந்து கிராம் வரம்புக்குள் நிற்க வேண்டும். காற்று, மேடு பள்ளமான மேசை, கரண்ட் போய் வருவது, தட்டில் சாமானை வைத்துக்கொண்டே ஆன் செய்வது எல்லாம் இதற்கு அப்புறம் வரிசையாகச் சொல்லலாம். இருபது தேவையில்லை. இந்த ஐந்தாறை எண்ணோடு சொன்னால் போதும். மீதியை அவரே தூண்டிக் கேட்பார்.

இனி அந்த ரிப்போர்ட். "சில நேரம் எடை தவறாகக் காட்டுகிறது" என்ற வாக்கியத்தை நானும் எழுதியிருக்கிறேன், அதுவும் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருடம் ஆன பிறகு. அதனால் அந்தக் கதையையே சொல்கிறேன்.

தராசோடு இணைந்த பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றை அப்போது டெஸ்ட் செய்துகொண்டிருந்தோம். தட்டில் காயை வைத்து, திரையில் அந்தக் காயின் பட்டனை அழுத்தினால், தராசிலிருந்து எடை வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு வந்து பில்லில் ஏறிவிடும். பல்லடம் ரோட்டில் ஒரு காய்கறிக் கடையில் அதைப் போட்டிருந்தார்கள். கடைக்காரர் போன் செய்தார். "ஏனுங் மேடம், சாயங்காலம் ஸ்டாக்கு கணக்கு இடிக்குதுங்க. தராசு ரெண்டு கிலோன்னு காட்டுது, பில்லுல கம்மியா உழுகுதுங்க. எப்பவும் இல்லீங்க, சில நேரந்தான்." நான் அவர் சொன்னதை அப்படியே எழுதி டெவலப்பருக்கு அனுப்பினேன். மறுநாள் Cannot Reproduce என்று திரும்பி வந்தது. அவர் மேல் தப்பே இல்லை. பத்து முறை 2 கிலோ கல்லை வைத்துப் பார்த்திருக்கிறார், பத்து முறையும் பில்லில் 2.000.

நானும் ஆபீசில் வைத்துப் பார்த்தேன், எனக்கும் வரவில்லை. வேறு வழி இல்லாமல் பஸ் ஏறிக் கடைக்கே போய் ஒரு மணி நேரம் நின்றேன். கல்லாவில் இருந்த பையனின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை காய்ப் பையைத் தட்டில் போடும்போதே வலது கை பட்டனை அழுத்திவிடுகிறது. நாங்கள் ஆபீசில் கல்லை மெதுவாக வைத்து, டிஸ்ப்ளேவைப் பார்த்து, எண் நின்றதும் அழுத்திக்கொண்டிருந்தோம். வித்தியாசம் அந்த ஒரு நொடியில் இருந்தது.

திரும்பி வந்து பையனைப் போலவே பத்து முறை செய்தேன். ஏழு முறை பில்லில் எடை குறைந்தது. எண் நின்ற பிறகு அழுத்திப் பத்து முறை செய்தேன். ஒரு முறைகூடக் குறையவில்லை. அப்புறம் தராசு அனுப்புவதை அப்படியே ஒரு ஃபைலில் பிடித்துப் பார்த்தேன்:

```
US,+01.385kg
US,+01.910kg
ST,+02.000kg
```

US என்றால் எடை இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது, ST என்றால் நின்றுவிட்டது. பல தராசுகள் இப்படித்தான் ஒவ்வொரு எண்ணோடும் நிலையைச் சேர்த்து அனுப்பும். பில்லில் விழுந்திருந்தது 1.385. இரண்டாவது முறை நான் எழுதிய ரிப்போர்ட் இது:

தலைப்பு: எடை நிற்பதற்கு முன் ஐட்டம் பட்டனை அழுத்தினால் பில்லில் எடை குறைவாக ஏறுகிறது.

சூழல்: 30 கிலோ தராசு, e = 5 கிராம், சீரியல் வயர் இணைப்பு; கடையில் போட்டிருக்கும் அதே பில்லிங் பதிப்பு.

படிகள்: ஒன்று, தட்டைக் காலியாக்கி டிஸ்ப்ளேவில் 0.000 வருவதைப் பார்க்கவும். இரண்டு, புதிய பில் திறக்கவும். மூன்று, இடது கையால் 2 கிலோ எடைக்கல்லைத் தட்டில் வைக்கும்போதே வலது கையால் தக்காளி பட்டனை அழுத்தவும்.

எதிர்பார்த்தது: பில்லில் 2.000 கிலோ.

நடந்தது: பில்லில் 1.385 கிலோ. அந்த நேரத்தில் தராசின் டிஸ்ப்ளேவில் 2.000 நிற்கிறது.

எத்தனை முறை: 10-இல் 7. எண் நின்ற பிறகு அழுத்தினால் 10-இல் 0.

குறிப்பு: பில்லில் ஏறிய எண், தராசு US என்று அனுப்பிய வரியோடு ஒத்துப்போகிறது. ஃபைல் இணைத்திருக்கிறேன்.

கொஞ்சம் நின்று இதைப் பாருங்கள் தம்பி. தலைப்பில் "எப்போது" என்பது இருக்கிறது; "சில நேரம்" என்பது போய்விட்டது. அந்தச் சில நேரம் எந்த நேரம் என்று கண்டுபிடிப்பதுதான் டெஸ்டரின் வேலை. படிகள் காலித் தட்டிலிருந்து ஆரம்பிக்கின்றன. தட்டில் ஏற்கெனவே கூடை இருந்து TARE போட்டிருந்தால் வேறு மாதிரி நடக்கலாம் இல்லையா? அதனால் எல்லோருக்கும் ஒரே தொடக்கம் வேண்டும். எது நடக்கவில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்தில் பூஜ்யம்தான் டெவலப்பரை நேராகச் சரியான இடத்துக்குக் கொண்டுபோனது. கடைசியாக, காரணம் என்று நான் சந்தேகப்பட்டதைத் தலைப்பில் போடாமல் குறிப்பில் வைத்தேன். கண்ணால் பார்த்தது வேறு, நாம் ஊகிப்பது வேறு. ஊகம் தப்பாகப் போனாலும் மேலே இருக்கும் வரிகள் உண்மையாகவே நிற்க வேண்டும்.

தீவிரம் என்ற இடத்தில் "அதிகம்" என்று மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள். ஏன் என்று ஒரு வரி வேண்டும். இங்கே எடை குறைந்தால் கடைக்காரருக்கு நஷ்டம். பையை வேகமாகப் போட்டால் தட்டில் விழும் அதிர்ச்சியில் எண் ஒரு கணம் கூடவும் செய்யும்; அந்தக் கணத்தில் பிடித்தால் வாங்குபவருக்கு நஷ்டம். பில்லில் தப்பான எடை என்பது யாராவது ஒருவர் கையிலிருந்து போகும் காசு. அதைத்தான் நான் எழுதினேன்.

உங்களுக்குத் தாளைத் திருப்பிக் கொடுத்தவர் அநேகமாக இதில் பாதி இருந்திருந்தாலே உட்காரச் சொல்லியிருப்பார். தராசு கையில் இல்லாவிட்டாலும், ஒரு பக்கைக் கற்பனையில் வைத்து, எந்தக் கல், எந்தப் பட்டன், என்ன எண் வர வேண்டும், என்ன எண் வந்தது என்று நான்கு வரி எழுத முடியும். கூடை வைத்து TARE போட்ட பின் கரண்ட் போய் வந்தால் என்ன ஆகும் என்பதை வைத்து அப்பாவின் தராசில் ஒன்று எழுதிப் பாருங்கள். எழுதியதை அப்பாவிடம் கொடுத்து, நீங்கள் பக்கத்தில் நிற்காமல், அவரையே செய்யச் சொல்லுங்கள். எந்தப் படியில் அவர் உங்களைக் கூப்பிட்டுக் கேட்கிறாரோ அந்தப் படியைத் திருத்த வேண்டும்.

அந்தப் பக் என்ன ஆனது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்டர்வியூவில் ரீடெஸ்ட் பற்றியும் கேட்பார்கள். டெவலப்பர் சரிசெய்தார்: பட்டனை அழுத்தினாலும் ST வரும்வரை காத்திருந்து, அப்புறம்தான் பில்லில் ஏற்றும். அதே படிகளைப் பத்து முறை செய்தேன், பத்தும் சரி. மூடியிருக்கலாம். ஆனால் அது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அந்தக் கடைக்கு முன்பக்கச் சுவரும் கிடையாது. மறுபடி போய் நின்றேன். காற்றில் தட்டு ஆடிக்கொண்டே இருந்தது, ST வரவே இல்லை, திரையில் ஒரு செய்தியும் இல்லை. பையன் பட்டனை இரண்டாம் முறை அழுத்தினான், மூன்றாம் முறை அழுத்தினான். காற்று ஓய்ந்ததும் பில்லில் ஒரே தக்காளி மூன்று வரியாக ஏறியது.

அதற்குத் தனி ரிப்போர்ட் போட்டேன், பழையதோடு சேர்க்கவில்லை; படிகள் வேறு, விளைவும் வேறு. ஆபீசுக்குள் ஆடிக் காற்றை எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் பிரச்சினை. அதனால் முதல் படியை இப்படி எழுதினேன்: "தட்டிலிருந்து இரண்டு அடி தள்ளி டேபிள் ஃபேனை வைத்து, தட்டைப் பார்த்துத் திருப்பி, முழு வேகத்தில் ஓட விடவும், டிஸ்ப்ளேவில் எண் ஆடுவதைப் பார்க்கவும்." டெவலப்பர் ரிசப்ஷனிலிருந்து ஃபேனைத் தூக்கிக்கொண்டு வந்தார். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அந்த மூன்று தக்காளியும் அவர் திரையில் வந்துவிட்டன.